சுற்றிச் சுற்றி வந்த ஒரு நிரூபணம்: அடிப்படைத் தேற்றத்தின் வரைவைப் பிரித்து அடுக்கிய விதம்

1-ஐவிடப் பெரிய எந்த இயல் எண்ணையும் பகா எண்களின் பெருக்கமாக எழுதலாம். காரணிகளை இடம் மாற்றுவதைக் கணக்கில் எடுக்காவிட்டால், ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும். 360 என்றால் 2·2·2·3·3·5, வேறு எதுவும் கிடையாது. எண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் இது. பள்ளியில் மீ.பொ.வ., மீ.பொ.ம. கணக்குகளில் இதைப் பயன்படுத்திப் பயன்படுத்தி, இதற்கு நிரூபணம் வேண்டும் என்ற எண்ணமே நமக்கு வராமல் போய்விடுகிறது. அதனால்தான் இதை எழுத்தில் நிரூபிக்க உட்காரும்போது கை வழுக்குகிறது.

கணிதம் படிக்கும் இளநிலை மாணவர் ஒருவர் இந்தத் தேற்றத்துக்கு எழுதிய வரைவை என்னிடம் கொண்டுவந்தார். அதை வரையறை, துணைத்தேற்றம், தேற்றம், நிரூபணம் என்று பிரித்து, எது எதை நம்பி நிற்கிறது என்ற வரிசையில் அடுக்கியதுதான் இந்த ஆய்வு. வரைவு ஒரே பத்தியாக இருந்தது. பேச வசதியாக வாக்கியங்களுக்கு எண் மட்டும் போட்டிருக்கிறேன்.

(1) பகா எண் என்பது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்.

(2) n பகா எண் இல்லையென்றால் n = ab. a-யோ b-யோ பகா எண் இல்லையென்றால் அவற்றையும் பிரிக்கலாம். இப்படியே போனால் கடைசியில் பகா எண்கள் மட்டும் மிஞ்சும்.

(3) இப்போது n = p₁p₂…pᵣ = q₁q₂…qₛ என்று இரண்டு விதமாக எழுத முடிகிறது என்போம்.

(4) p₁ இடது பக்கத்தை வகுப்பதால் வலது பக்கத்தையும் வகுக்கும். ஆகவே ஏதோ ஒரு q-வை வகுக்கும்.

(5) ஏனென்றால், பகா எண் p ஒரு பெருக்கம் ab-ஐ வகுத்தால் a-யையோ b-யையோ வகுத்தாக வேண்டும். ab = pc என்று எழுதினால் ab-யின் பகாக் காரணிகளில் p ஒன்று. ab-யின் பகாக் காரணிகள் a-யுடையவையும் b-யுடையவையும் சேர்ந்தவைதான். ஆகவே p அவற்றில் ஒன்றில் இருக்கும்.

(6) அந்த q-வும் பகா எண் என்பதால் p₁-உம் அதுவும் சமம். இரண்டையும் அடித்துவிட்டு மீதியை இதேபோல் தொடரலாம்.

(7) குறிப்பு: (5)-ஐ வேறு விதமாகவும் காட்டலாம். p, a-யை வகுக்காவிட்டால் அவற்றின் மீ.பொ.வ. 1. ஆகவே px + ay = 1 என்று எழுதலாம். b-யால் பெருக்கினால் p, b-யை வகுப்பது தெரியும்.

(8) மீ.பொ.வ. என்பது இரு எண்களின் பகாக் காரணிப்படுத்தலிலும் பொதுவாக உள்ள பகா எண்களைக் குறைந்த அடுக்கில் எடுத்துப் பெருக்கி வருவது.

முதல் வாசிப்பில் இது நன்றாகவே ஓடுகிறது. எந்த வாக்கியமும் பொய்யில்லை. (1)-இல் மட்டும் ஒரு சிறு ஓட்டை உண்டு, அது கடைசியில் வரும். பொய்யான வாக்கியம் இல்லாமலேயே ஒரு நிரூபணம் நிரூபணமாகாமல் போக முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம். அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு கேள்வி

அடுக்கும் வேலையைத் தலைப்புகள் போடுவதில் தொடங்கக் கூடாது. தலைப்பு போட்டவுடன் வரைவு ஒழுங்காகிவிட்டதுபோல் தோன்றும்; உள்ளே இருக்கும் சிக்கல் அப்படியே இருக்கும். நாங்கள் முதலில் செய்தது வேறு. ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும், இதை ஒப்புக்கொள்ள இதற்கு முன் எதை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்று எழுதினோம். "தெரிந்ததுதான்" என்ற பதிலை மட்டும் ஏற்பதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

(2)-க்கு வேண்டியது (1) மட்டும். (6)-க்கு (4) வேண்டும். (4)-க்கு (5) வேண்டும். இதுவரை எல்லாம் ஒரே திசையில் போகிறது. (5)-இல் வந்ததும் நின்றோம். "ab-யின் பகாக் காரணிகள்" என்று எழுதும்போது, அப்படி ஒரே ஒரு தொகுப்பு இருப்பதாக அந்தச் சொற்றொடரே எடுத்துக்கொள்கிறது. a-யைப் பிரித்து, b-யைப் பிரித்து, இரண்டையும் சேர்த்தால் ab-க்கு ஒரு காரணிப்படுத்தல் வருகிறது. c-யைப் பிரித்து p-யைச் சேர்த்தால் இன்னொன்று வருகிறது. இரண்டும் ஒன்றேதான் என்று எப்படித் தெரியும்? அதைத்தானே நிரூபிக்கப் போகிறோம்!

"அது தேற்றம் சொல்லுதே மேடம்" என்றார் மாணவர். சொன்ன மறு நொடியே அவருக்குப் புரிந்துவிட்டது. தேற்றத்துக்கு (4), (4)-க்கு (5), (5)-க்குத் தேற்றம். ஒரு முழு வட்டம்.

அவர் சோர்ந்துவிடவில்லை. (7)-ஐக் காட்டினார். அது உண்மையிலேயே நல்ல வாதம். வகுப்பில் கேட்டது நினைவிருந்து எழுதியிருக்கிறார். அதில் காரணிப்படுத்தல் என்ற சொல்லே இல்லை, மீ.பொ.வ. மட்டும்தான் இருக்கிறது. அப்படியென்றால் மீ.பொ.வ. எதை நம்பி நிற்கிறது? (8)-ஐ. (8)-இல் "இரு எண்களின் பகாக் காரணிப்படுத்தலிலும்" என்று இருக்கிறது. ஒரு எண்ணுக்கு இரண்டு காரணிப்படுத்தல் இருந்தால் இந்த வரையறை இரண்டு விடை தரலாம், அதாவது வரையறையே ஆகாது. ஆக (8) நிற்க வேண்டுமானால் தேற்றம் முன்கூட்டியே வேண்டும். முதல் வட்டத்திலிருந்து தப்பிக்க எடுத்த வழி, ஒரு வரையறை வழியாக அதே வட்டத்துக்குள் திரும்பிவிட்டது.

வரைவுகளை அடுக்கும்போது நான் அதிகம் கவனிப்பது இந்த இடத்தைத்தான். ஒரு துணைத்தேற்றம் இன்னொன்றை நம்பினால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். "ஆகவே", "ஏனென்றால்" என்று வார்த்தை காட்டிக்கொடுக்கும். வரையறைக்குள் ஒளிந்திருக்கும் சார்பைக் காட்டிக்கொடுக்க எந்த வார்த்தையும் இல்லை. வரையறைக்கு நிரூபணம் கேட்கும் பழக்கமும் நமக்கு இல்லை. அதனால் சார்பு எழுதும்போது வரையறைகளையும் துணைத்தேற்றங்களைப் போலவே நடத்தி, "இது அர்த்தமுள்ளதாக இருக்க எது உண்மையாக இருக்க வேண்டும்" என்று தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

வட்டம் இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்க்கும் வழி

வட்டத்தை உள்ளே தேடிப் பிடிக்காமலேயே, இந்த வரைவு சரியாக இருக்க முடியாது என்று காட்ட ஒரு சோதனை உண்டு. ஹில்பர்ட் எண்கள் என்று பெயர். 4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் எண்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்: 1, 5, 9, 13, 17, 21, 25, இப்படி. இவற்றில் எந்த இரண்டைப் பெருக்கினாலும் இதே பட்டியலில் உள்ள எண்தான் வரும். இந்த உலகத்துக்கு வெளியே எண்களே இல்லை என்று வைத்துக்கொண்டு "பகா எண்" என்பதை இங்கேயே வரையறுக்கலாம். 9 இங்கே பகா எண், ஏனென்றால் 9 = 3·3, ஆனால் 3 இந்தப் பட்டியலில் இல்லை. அதேபோல் 21-உம் 49-உம் பகா எண்கள். 7-உம் பட்டியலில் இல்லையே.

இப்போது 441-ஐப் பாருங்கள். 441 = 21·21. அதுவே 9·49-உம்கூட. ஒரே எண்ணுக்கு இரண்டு வேறு வேறு காரணிப்படுத்தல்! இந்த உலகில் அடிப்படைத் தேற்றம் பொய். யூக்ளிடின் துணைத்தேற்றமும், அதாவது (5)-இன் கூற்றும், இங்கே பொய்: 9, 21·21-ஐ வகுக்கிறது, ஆனால் 21-ஐ வகுக்கவில்லை.

வரைவின் (1) முதல் (6) வரை ஒவ்வொரு வரியையும் இந்த உலகில் வைத்து வாசித்துப் பார்க்கச் சொன்னேன். (2) அப்படியே பொருந்துகிறது; பிரித்துக்கொண்டே போனால் இங்கேயும் ஓரிடத்தில் நிற்கும். அதில் தவறில்லை, இருத்தல் இந்த உலகிலும் உண்மைதான். (3), (4), (6) பொருந்துகின்றன. (5)-இன் காரணமும் ஒரு எழுத்து மாறாமல் பொருந்துகிறது. வரைவு முழுக்கப் பெருக்கலையும் வகுத்தலையும் மட்டுமே பயன்படுத்துகிறது. பெருக்கல் ஹில்பர்ட் எண்களிலும் நன்றாகவே நடக்கிறது. ஒரு பொய்யான முடிவையும் இதே வாதம் "நிரூபித்து"விடுகிறது என்றால், வாதத்தில் ஏதோ இல்லை என்று அர்த்தம்.

எது இல்லை? இந்த உலகில் செய்ய முடியாதது கூட்டலும் கழித்தலும். 5 + 9 = 14, பட்டியலில் இல்லை. 21 − 9 = 12, அதுவும் இல்லை. ஆகவே அடிப்படைத் தேற்றத்தின் உண்மையான நிரூபணம் எதுவானாலும், எங்கேயாவது ஓரிடத்தில் கூட்டலையோ கழித்தலையோ தொட்டே ஆக வேண்டும். அடுக்கப்போகும் நிரூபணத்தில் அந்த இடம் எது என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். (7)-இல் px + ay என்று ஒரு கூட்டல் இருப்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. அந்தக் குறிப்பை நான் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததும் அதனால்தான்.

இந்த ஓட்டை மாணவர்களுக்கு மட்டும் வருவதில்லை. 1847 மார்ச்சில் பாரிஸ் அறிவியல் கழகத்தில் காப்ரியேல் லாமே, ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்கு நிரூபணம் கிடைத்துவிட்டதாக அறிவித்தார். சாதாரண முழு எண்களை விட்டு, 1-இன் சிக்கலெண் மூலங்களைச் சேர்த்து விரித்த எண்களில் காரணிப்படுத்தினார். அங்கேயும் காரணிப்படுத்தல் ஒரே விதம்தானா என்ற கேள்வியை லியுவில் அதே கூட்டத்தில் எழுப்பினார். இல்லை என்பதை எர்ன்ஸ்ட் கும்மர் 1844-லேயே வெளியிட்டிருந்தார். 23-ஆம் மூலங்களில் அது உடைகிறது. லாமேயின் வாதத்திலும் சொல்லப்படாத ஒரு சார்பு இருந்தது, அதன் மேல்தான் முழுக் கட்டடமும் நின்றது.

எங்கே வெட்டுவது

வட்டத்தை உடைக்க (8) போக வேண்டும். மீ.பொ.வ.-வுக்கு வேறு வரையறை கொடுக்கலாம்: பொது வகுத்திகளில் மிகப் பெரியது. இதற்குக் காரணிப்படுத்தல் வேண்டாம், ஆகவே வட்டம் உடையும். முதலில் அப்படித்தான் மாற்றினோம். பிறகு (7)-ஐ மறுபடி வாசித்தபோது, அங்கே நமக்கு உண்மையில் வேண்டியது மீ.பொ.வ. இல்லை என்று தெரிந்தது. வேண்டியது ஒரே ஒரு செய்தி: p, a-யை வகுக்காவிட்டால் px + ay = 1 ஆகுமாறு முழு எண்கள் x, y உண்டு. அதை நேராகவே நிரூபித்துவிட்டால் மீ.பொ.வ. என்ற சொல்லே தேவையில்லை. ஒரு வரையறையைத் திருத்துவதைவிட நீக்க முடிந்தால் நீக்குவது மேல். நீக்கிய வரையறை யாரையும் ஏமாற்ற முடியாது.

அந்தச் செய்திக்கு என்ன வேண்டும்? மீதியோடு வகுத்தல். அதற்கு என்ன வேண்டும்? எதிர்மம் அல்லாத முழு எண்களின் வெற்றில்லாத எந்தக் கணத்திலும் ஒரு மிகச் சிறிய எண் இருக்கும் என்பது. இதற்குக் கீழே போக வேண்டாம் என்று முடிவு செய்தோம். எங்கே நிற்பது என்பதும் எழுதுபவர் எடுக்கும் முடிவுதான். அதை நிரூபணத்துக்கு முன் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். முழு எண்களில் கூட்டல், கழித்தல், பெருக்கல், ஒப்பிடுதல் ஆகியவற்றின் வழக்கமான விதிகளும் மிகச் சிறிய எண் இருக்கும் என்ற பண்பும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறோம். வேறு எதுவும் இல்லை.

சார்பு வரிசை தாளில் இப்படி வந்தது:

```
வ1 : வகுத்தல்
வ2 : பகா எண்               ← வ1
து1 : மீதியோடு வகுத்தல்     ← (மிகச் சிறிய எண்)
து2 : px + ay = 1          ← வ1, வ2, து1
து3 : யூக்ளிட்              ← வ1, து2
கி  : பல காரணிகளுக்கு       ← வ2, து3
து4 : இருத்தல்              ← வ1, வ2
தே  : அடிப்படைத் தேற்றம்    ← கி, து4
```

இதில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அம்புக்குறிக்கு வலப்பக்கம் வரும் ஒவ்வொரு பெயரும் மேலே ஏற்கெனவே வந்திருக்க வேண்டும். கீழே உள்ள ஒன்றைச் சுட்டும் வரி ஒன்று வந்தாலும் வட்டம் திரும்பி வந்துவிட்டது என்று பொருள். து4 வேறு எந்தத் துணைத்தேற்றத்தையும் நம்பாமல் தனியே நிற்பதையும் பட்டியல் காட்டுகிறது. வரைவில் அது முதலில் இருந்தது. இங்கே தேற்றத்துக்கு முன் வைத்திருக்கிறோம். எங்கே வைத்தாலும் சரிதான், ஆனால் யூக்ளிட் துணைத்தேற்றத்துக்கு முன் வைத்தால், அதைக் கொண்டு து3-ஐ நிரூபிக்கும் ஆசை திரும்ப வரும். அதனால் பின்னால் தள்ளினேன்.

அடுக்கிய வடிவம்

*வரையறை 1.* a, b முழு எண்கள். b = ac ஆகுமாறு ஒரு முழு எண் c இருந்தால் a, b-யை வகுக்கிறது என்போம்; a | b என்று எழுதுவோம்.

*வரையறை 2.* p > 1 ஆன ஒரு முழு எண்ணின் நேர் வகுத்திகள் 1, p ஆகிய இரண்டு மட்டுமே என்றால் p ஒரு பகா எண்.

*துணைத்தேற்றம் 1.* a ஏதேனும் ஒரு முழு எண், b > 0. அப்போது a = bq + r, 0 ≤ r < b ஆகுமாறு முழு எண்கள் q, r உண்டு.

நிரூபணம். a − bq என்ற வடிவில் உள்ள, 0-க்குக் குறையாத எண்களை எடுத்துக்கொள்வோம். q-க்கு −|a| போட்டால் a + b|a| வருகிறது. b ≥ 1 என்பதால் அது 0-க்குக் குறையாது, ஆகவே இந்தக் கணம் வெற்றில்லாதது. அதன் மிகச் சிறிய எண்ணை r = a − bq என்போம். r ≥ b என்றால், r − b = a − b(q + 1) என்பதும் இதே கணத்தில் இருக்கும், r-ஐவிடச் சிறியதாகவும் இருக்கும்; முரண்பாடு. ஆகவே r < b.

(q, r ஒரே ஒரு ஜோடிதான் என்பதும் உண்மை. பாடநூல்களில் சேர்த்தே சொல்வார்கள். இங்கே எங்கேயும் அது தேவைப்படாததால் விட்டுவிட்டோம்.)

*துணைத்தேற்றம் 2.* p ஒரு பகா எண், p ஆனது a-யை வகுக்கவில்லை. அப்போது px + ay = 1 ஆகுமாறு முழு எண்கள் x, y உண்டு.

நிரூபணம். px + ay என்ற வடிவில் உள்ள நேர் முழு எண்களின் கணத்தை S என்போம். x = 1, y = 0 என்று வைத்தால் p கிடைக்கிறது, ஆகவே S வெற்றில்லாதது. அதன் மிகச் சிறிய எண் d = px₀ + ay₀ என்க. து1-இன்படி p = dq + r, 0 ≤ r < d. இதில் r = p − dq = p(1 − qx₀) + a(−qy₀); அதாவது r-உம் அதே வடிவம். r > 0 என்றால் அது S-இல் d-யைவிடச் சிறிய எண்ணாகிவிடும். ஆகவே r = 0, d | p. இதே வாதத்தை p-க்குப் பதில் a-யை வைத்துச் செய்தால் d | a. இனி வ2-இன்படி d = 1 அல்லது d = p. d = p என்றால் p | a ஆகிவிடும், அது கூடாது. ஆகவே d = 1.

*துணைத்தேற்றம் 3.* p ஒரு பகா எண், p | ab என்றால், p | a அல்லது p | b.

நிரூபணம். p, a-யை வகுக்கவில்லை என்போம். து2-இன்படி px + ay = 1. b-யால் பெருக்கினால் pbx + aby = b. இடது பக்கத்தின் முதல் உறுப்பை p வகுக்கிறது. p | ab என்பதால் இரண்டாவதையும் வகுக்கிறது. ஆகவே p | b.

*கிளைத்தேற்றம்.* p, q₁, …, qₛ பகா எண்கள், p | q₁q₂…qₛ என்றால், p ஏதோ ஒரு qⱼ-க்குச் சமம்.

நிரூபணம். q₁-ஐத் தனியாகவும் q₂…qₛ-ஐ ஒரே எண்ணாகவும் வைத்துத் து3-ஐப் பயன்படுத்தி, தேவைப்பட்டால் அதையே தொடர்ந்தால், ஏதோ ஒரு j-க்கு p | qⱼ. qⱼ-யின் நேர் வகுத்திகள் 1, qⱼ மட்டும்; p > 1; ஆகவே p = qⱼ.

*துணைத்தேற்றம் 4.* 1-ஐவிடப் பெரிய ஒவ்வொரு முழு எண்ணும் ஒன்றோ பலவோ பகா எண்களின் பெருக்கம்.

நிரூபணம். அப்படி இல்லாத எண்கள் இருந்தால் அவற்றில் மிகச் சிறியதை n என்போம். n பகா எண்ணாக இருக்க முடியாது. ஆகவே n = ab, இதில் 1 < a < n, 1 < b < n. a-யும் b-யும் n-ஐவிடச் சிறியவை என்பதால் இரண்டும் பகா எண்களின் பெருக்கங்கள். ஆகவே n-உம் அப்படியே. முரண்பாடு.

*தேற்றம்.* 1-ஐவிடப் பெரிய ஒவ்வொரு முழு எண்ணையும் p₁ ≤ p₂ ≤ … ≤ pᵣ என்று வரிசைப்படுத்திய பகா எண்களின் பெருக்கமாக ஒரே ஒரு விதத்தில் எழுதலாம்.

நிரூபணம். எழுத முடியும் என்பது து4. இரண்டு விதமாக எழுத முடிகிற எண்கள் இருந்தால் அவற்றில் மிகச் சிறியது n = p₁…pᵣ = q₁…qₛ என்க; இரண்டும் ஏறுவரிசையில். கிளைத்தேற்றத்தின்படி p₁ ஏதோ ஒரு qⱼ, ஆகவே p₁ ≥ q₁. அதேபோல் q₁ ஏதோ ஒரு pᵢ, ஆகவே q₁ ≥ p₁. ஆக p₁ = q₁. இரு பக்கமும் அதை அடித்தால் n/p₁ வருகிறது. அது 1 என்றால் இரு பக்கமும் ஒரே காரணிதான், இரண்டு விதம் இல்லை. 1-ஐவிடப் பெரியது என்றால், n-ஐவிடச் சிறியது என்பதால் அதற்கு ஒரே விதம்தான். ஆகவே p₂, p₃, … என்பவையும் q₂, q₃, … என்பவையும் ஒன்றே. இரண்டு வழியிலும் முரண்பாடு.

அடுக்கியதும் வெளியே வந்தவை

ஹில்பர்ட் எண்களின் சோதனையை இப்போது திரும்ப வைத்துப் பார்த்தோம். து1-இன் நிரூபணத்தில் a − bq என்று எழுதும் இடத்திலேயே அது நின்றுவிடுகிறது. ஹில்பர்ட் எண் a-யிலிருந்து ஹில்பர்ட் எண்ணான bq-வைக் கழித்தால் 4-இன் மடங்குதான் வரும், அது பட்டியலில் இருக்க முடியாது. து4 மட்டும் அந்த உலகிலும் பிழைத்துக்கொள்கிறது. எதிர்பார்த்தபடியே எல்லாம் பொருந்துகிறது.

வரைவின் "இப்படியே போனால்", "இதேபோல் தொடரலாம்" என்ற இரண்டு தொடர்களும் காணாமல் போயின. இரண்டு இடத்திலும் ஏன் ஓரிடத்தில் நின்றாக வேண்டும் என்ற காரணம் வரைவில் இல்லை. மிகச் சிறிய எதிர்மாதிரியை எடுத்துக்கொண்டவுடன் அந்தக் காரணம் வாதத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

(1)-இல் இருந்த ஓட்டை p > 1 என்பது. வரைவின் வரையறைப்படி 1-உம் பகா எண்; அப்படியென்றால் 6 = 2·3 = 1·2·3 = 1·1·2·3 என்று எத்தனை விதமாகவும் எழுதலாம், தேற்றமே பொய். மாணவருக்கு 1 பகா எண் இல்லை என்பது நன்றாகத் தெரியும், எழுதவில்லை, அவ்வளவுதான். அடுக்கிய வடிவில் அந்த p > 1 எங்கே உழைக்கிறது என்று தேடிப் பார்த்தால், கிளைத்தேற்றத்தின் கடைசி வரியில் அகப்படும். ஒரு வரையறையின் ஒவ்வொரு நிபந்தனைக்கும் இப்படி ஓர் இடம் காட்ட முடிகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. எங்கும் பயன்படாத நிபந்தனை ஒன்று மிஞ்சினால், அது தேவையில்லாததாக இருக்கலாம், அல்லது நிரூபணம் ஏதோ ஒரு படியைத் தாண்டியிருக்கலாம்.

அப்புறம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வரைவின் (5) முட்டாள்தனமான வாதம் இல்லை. காரணிப்படுத்தல் ஒரே விதம் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால், அதிலிருந்து யூக்ளிடின் துணைத்தேற்றம் வருகிறது என்பதற்கு அது முழுச் சரியான நிரூபணம். ஆகவே இந்த வரிசையைத் தலைகீழாகவும் வைக்கலாம், தேற்றத்துக்கு யூக்ளிடைத் தொடாத வேறு நிரூபணம் கிடைத்தால். அப்படி ஒன்றை எர்ன்ஸ்ட் செர்மெலோ 1934-இல் வெளியிட்டார். மிகச் சிறிய எதிர்மாதிரி n-இன் இரண்டு வடிவங்களுக்கும் பொதுவான பகா எண் எதுவும் இருக்க முடியாது. இருந்தால் அதை அடித்துச் சிறிய எதிர்மாதிரி கிடைத்துவிடும். p₁ < q₁ என்று வைத்து (q₁ − p₁)q₂…qₛ என்ற எண்ணைப் பார்ப்போம். இது n-ஐவிடச் சிறியது, ஆகவே இதற்கு ஒரே காரணிப்படுத்தல். விரித்தால் n − p₁q₂…qₛ. அதில் p₁-ஐ வெளியே எடுக்கலாம், ஆகவே அந்த ஒரே காரணிப்படுத்தலில் p₁ இருக்கிறது. அது q₂ முதல் qₛ வரை எதுவும் இல்லை, ஆகவே q₁ − p₁-இலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அப்படியென்றால் p₁ | q₁, முரண்பாடு. இங்கேயும் கழித்தல் இருக்கிறது, கவனியுங்கள். செர்மெலோவின் வழியை எடுத்தால் து1, து2 இரண்டும் தேவையில்லை. வரைவின் (5) தேற்றத்துக்குக் கீழே கிளைத்தேற்றமாக, ஒரு வார்த்தையும் மாறாமல் உட்காரும்.

மாணவரிடம் இரண்டையும் காட்டி, எது வேண்டும் என்று கேட்டேன். செர்மெலோ சிறியது, அழகானது. அவர் முதல் வழியையே எடுத்தார், அதற்கு நல்ல காரணமும் சொன்னார்: அடுத்ததாக காஸிய முழு எண்களுக்கு, அதாவது a + bi வடிவ எண்களுக்கு, இதே தேற்றத்தை எழுத வேண்டும். அங்கே எண்களைச் சிறிது பெரிது என்று வரிசைப்படுத்த முடியாது. பதிலுக்கு a² + b² என்ற அளவை வைத்துக்கொள்ளலாம். மீதியின் அளவு வகுக்கும் எண்ணின் அளவைவிடக் குறைவாக இருக்குமாறு அங்கே வகுக்க முடியும். ஆகவே து1-ஐ மட்டும் புதிதாக நிரூபித்தால் போதும். து2-இல் "மிகச் சிறிய" என்பது அளவில் மிகச் சிறிய என்று மாறும், 1-க்குப் பதில் 1, −1, i, −i நான்கும் வரும், தேற்றத்தில் ஏறுவரிசை போய், அந்த நான்கில் ஒன்றால் பெருக்குவதையும் ஒரே விதமாகக் கொள்ள வேண்டிவரும். து3 அப்படியே இருக்கும்.

a + b√−5 வடிவ எண்களில் இதே வேலையைச் செய்து பார்க்கச் சொல்லி அனுப்பினேன். 6 அங்கே 2·3-உம் ஆகும், (1 + √−5)(1 − √−5)-உம் ஆகும்; இந்த நான்கு காரணிகளையும் அதற்கு மேல் பிரிக்க முடியாது. கூட்டலும் கழித்தலும் அந்த எண்களில் தடையில்லாமல் நடக்கும், ஆகவே ஹில்பர்ட் எண்களில் நின்ற இடத்தில் இங்கே நிற்காது. து1-இன் கடைசி வரியில், மீதி வகுக்கும் எண்ணைவிடச் சிறியதாக வர வேண்டிய இடத்தில்தான் உடையும்.